நிலாவையும் சூரியனையும் சுற்றித் தோன்றும் வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். போயா இரவுக்கு மறுநாள் வகுப்புக்கு வருபவர்களும், மாடிப்படியில் எதிர்ப்படும் அயலவர்களும், தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பும் உறவினர்களும் பல ஆண்டுகளாக ஒரே ஐயங்களைத்தான் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

நேற்று இரவு நிலாவைச் சுத்திப் பெரிய வட்டம் ஒண்டு இருந்தது. அது என்ன சேர்?

நிலாவுக்கும் உங்களுக்கும் இடையில், மிக உயரத்தில், வெண்திரை போன்ற மெல்லிய முகில் ஒன்று படர்ந்திருந்தது. அந்த முகில் நீர்த்துளிகளால் ஆனதன்று. அறுகோண வடிவமுள்ள சிறு பனிப் பளிங்குகளால் ஆனது. நிலாவொளி அந்தப் பளிங்குகளுக்குள் நுழைந்து வெளியேறும்போது திசை மாறுகிறது. அப்படித் திசை மாறிய ஒளியே வட்டமாகத் தெரிகிறது. பகலில் சூரியனைச் சுற்றித் தோன்றுவதும் இதுவேதான்.

பழைய தமிழில் இதற்குப் பரிவேடம் என்றும் ஊர்கோள் என்றும் பெயர்கள் உண்டு. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று சொல்லும் முதியவர்களை இன்றும் காணலாம். இப்பக்கத்தில் நான் வட்டம் என்றே எழுதுகிறேன்.

கொழும்பில வெயில் கொளுத்துது. இங்க பனிக்கட்டி எங்கால வந்தது?

மேலே போகப்போக வளி குளிர்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆறு ஏழு பாகை செல்சியஸ் என்ற கணக்கில் வெப்பநிலை இறங்குகிறது. காலிமுகத்திடலில் 30 பாகை வெப்பத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பவரின் தலைக்கு மேல் ஐந்து கிலோமீட்டர் அளவில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டுவிடும். பத்துக் கிலோமீட்டரில் அது பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையையும் தாண்டியிருக்கும். பிதுருதலாகலை மலையின் உச்சி 2524 மீற்றர்தான். ஆகவே நம் நாட்டில் நிலத்தில் பனி பெய்வதில்லை என்பதை வைத்து வானத்திலும் பனி இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

வட்டம் தரும் கீற்று முகில்கள் வெப்பவலய நாடுகளில் ஆறு முதல் பதினெட்டுக் கிலோமீட்டர் வரையான உயரத்தில் இருக்கும். சொல்லப்போனால் நம் வானத்தில்தான் அவை குளிர்நாடுகளில் இருப்பதை விட உயரமாக ஏறுகின்றன.

அது ஏன் எப்பவும் அவ்வளவு தூரத்தில நிக்குது? கிட்ட வராதா?

வராது. நிலாவின் நடுவிலிருந்து வட்டத்தின் விளிம்புவரை எப்போதும் ஏறக்குறைய 22 பாகை. இந்த எண்ணைத் தீர்மானிப்பது பனிக்கட்டியின் இரண்டு இயல்புகள்: பளிங்கின் பக்கங்கள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும் கோணம், ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் பனிக்கட்டியின் முறிவுச் சுட்டி. அறுகோணப் பளிங்கில் ஒரு பக்கத்தினூடாக நுழையும் ஒளி, அடுத்த பக்கத்தை விட்டு அதற்கடுத்த பக்கத்தினூடாக வெளியேறுமானால், அந்த இரண்டு பக்கங்களும் 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கும். அதாவது பளிங்கு, பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் பயன்படுத்தும் 60 பாகைக் கண்ணாடி அரியத்தைப் போலவே நடந்துகொள்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு எட்மே மரியோட் இந்த விளக்கத்தைத் தந்துவிட்டார்.

முகிலில் கோடிக்கணக்கான பளிங்குகள் எல்லாத் திசையிலும் புரண்டபடி மிதக்கின்றன. ஆகையால் ஒவ்வொன்றிலும் ஒளி வெவ்வேறு படுகோணத்தில், அதாவது பக்கத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து வெவ்வேறு சாய்வில், விழுகிறது. பனிக்கட்டியின் முறிவுச் சுட்டி 1.31 என்று எடுத்து, கணித்துப் பாருங்கள். படுகோணம் 20 பாகையானால் ஒளி 27.5 பாகை விலகும். 30 பாகையானால் விலகல் 23.0. 41 பாகையில் அது 21.8 ஆகக் குறைந்து, பிறகு மீண்டும் ஏறத் தொடங்கும்: 50 பாகையில் 22.5, 60 பாகையில் 24.7, பக்கத்தை உரசியபடி நுழையும் ஒளிக்கு 43.5. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது நடுப்பகுதி. படுகோணம் 30இலிருந்து 50 வரை இருபது பாகை மாறியபோதும், விலகல் ஒன்றேகால் பாகைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே பளிங்குகள் எப்படிப் புரண்டாலும், அவற்றில் பெரும் பங்கு தம் ஒளியை 22 பாகையை ஒட்டியே அனுப்புகின்றன. ஒளி அங்கே நெரிசலாகக் குவிவதால் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது.

உயர்தரப் பாடத்தில் இழிவு விலகல் என்று ஒரு சூத்திரம் வருகிறது. மாணவர்கள் அதைப் பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதில் அரியக் கோணம் 60, முறிவுச் சுட்டி 1.31 என்று இட்டால் 21.8 பாகை வரும். வானத்தில் தெரிகிற வட்டம் அந்த விடைதான்.

சரி, ஆனா அது ஏன் முழு வட்டமா வருது?

மேலே சொன்ன விலகல், நிலாவிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் நிகழலாம். நிலாவுக்கு வலப்புறம் 22 பாகை தள்ளியிருக்கும் முகிற்பகுதியில், ஒளியை இடப்புறமாக வளைத்து உங்கள் கண்ணுக்கு அனுப்பும் சாய்வில் சில பளிங்குகள் எப்போதும் இருக்கும். மேற்புறத்தில் இருக்கும் பகுதியில் கீழ்நோக்கி வளைக்கும் சாய்வில் வேறு சில இருக்கும். எந்தத் திசைக்கும் தனிச்சலுகை இல்லாததால், நிலாவிலிருந்து ஒரே கோணத் தூரத்திலுள்ள புள்ளிகள் எல்லாம் ஒளிர்கின்றன. அத்தகைய புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம்தான் கிடைக்கும். முகில் அரைவாசி வானத்தில் மட்டும் இருந்தால் அரை வட்டம்தான் தெரியும். அரை வட்டத்தைக் கண்டு, மீதியை யாரோ அழித்துவிட்டதுபோல் இருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். மீதி இடத்தில் முகில் இல்லை, அவ்வளவே.

வட்டத்துக்கு உள்பக்கம் வானம் கறுத்திருக்குது. அங்க முகில் இல்லையா?

முகில் அங்கும் இருக்கிறது. ஆனால் 60 பாகை அரியமாக நடக்கும் எந்தப் பளிங்கும் ஒளியை 21.8 பாகைக்குக் குறைவாக விலக்க முடியாது என்பதை மேலே பார்த்தோம். ஆகவே உட்பகுதியிலுள்ள பளிங்குகள் திருப்பிவிடும் ஒளி உங்கள் கண்ணுக்கு வராமல் வேறெங்கோ போகிறது. 22 பாகைக்கு வெளியே, கூடிய விலகல் பெற்ற ஒளி 43 பாகைவரை மெல்லப் பரந்திருக்கிறது. அதனால் வட்டத்தின் உள்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலவும், வெளிவிளிம்பு கரைந்துபோவது போலவும் தெரியும். எனக்கு அனுப்பப்படும் படங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உள்விளிம்பு கூர்மையாக இல்லையென்றால் சந்தேகப்படுவேன்.

பகல்ல பார்த்தா நிறம் தெரியுது, இரவில நிலாவுக்கு வெள்ளை வட்டம்தான். ஏன் அப்படி?

பனிக்கட்டி சிவப்பொளியைச் சற்றுக் குறைவாகவும் ஊதா நோக்கிய ஒளியைச் சற்றுக் கூடுதலாகவும் வளைக்கிறது. சிவப்புக்கு விலகல் 21.6 பாகை, ஊதாப் பக்கத்துக்கு 22.4 பாகை அளவில் வரும். ஆகவே சிவப்பு உள்விளிம்பில் இருக்கும். ஆனால் சூரிய வட்டின் அகலமே அரைப் பாகை. நிறங்களுக்கு இடையிலான தூரமோ முக்கால் பாகைதான். எனவே ஒரு நிறம் இன்னொன்றின்மேல் விழுந்து கலந்துவிடுகிறது. உள்விளிம்பில் செம்பழுப்பும் அதையடுத்துச் சிறிது மஞ்சளும் தெளிவாகத் தெரியும், அதற்கு வெளியே எல்லாம் வெண்மைதான்.

நிலா வட்டத்திலும் இதே நிறங்கள் உள்ளன. அந்த மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் உணரும் பகுதி வேலை செய்யாததால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. கமராவைச் சில செக்கன்கள் திறந்துவைத்துப் படம் எடுத்தால் செம்பழுப்பு விளிம்பு படத்தில் வந்துவிடும்.

போன மாசம் நிலாவை ஒட்டினாப்போல சின்ன வட்டம் வந்தது, இப்ப பெரிசா வந்திருக்கு. அப்ப வட்டம் சுருங்கி விரியும்தானே?

நீங்கள் கண்டவை இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள். நிலாவை ஒட்டி, இரண்டு மூன்று பாகைக்குள் அடங்கும் சிறு ஒளிவளையம் நீர்த்துளிகளால் ஆன முகிலில் தோன்றுவது. அங்கே ஒளி துளிக்குள் புகுந்து வளைவதில்லை. நுண்துளிகளின் விளிம்பைச் சுற்றி அலையாகப் பரவி ஒன்றோடொன்று தலையிடுகிறது. துளி சிறிதானால் வளையம் பெரிதாகும், துளி பெரிதானால் வளையம் சுருங்கும். ஆகவே சிறு வளையம் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளவு மாறக்கூடியது. பனிப் பளிங்கின் வட்டம் அப்படி மாறாது, ஏனென்றால் பளிங்கு பெரிதானாலும் சிறிதானாலும் அதன் 60 பாகைக் கோணம் மாறுவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய நிறவரிசையே போதும். சிறு வளையத்தில் நிலாவைத் தொட்டாற்போல நீலங்கலந்த வெண்மையும் வெளிப்புறத்தில் செம்பழுப்பும் இருக்கும். பெரிய வட்டத்தில் செம்பழுப்பு உட்புறத்தில் இருக்கும், அதற்கும் நிலாவுக்கும் இடையில் இருண்ட வெளி இருக்கும். யன்னல் கண்ணாடியிலோ மூக்குக்கண்ணாடியிலோ ஆவி படிந்திருந்தாலும் தெருவிளக்கைச் சுற்றிச் சிறு வளையம் தெரியும். கண்ணாடியைத் துடைத்ததும் அது போய்விடும்.

நிலா அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது வட்டம் மிகப் பெரிதாகத் தோன்றுவதாகச் சிலர் சொல்வார்கள். அது மனத்தின் மயக்கம்; நிலாவும் அப்போது பெரிதாகத்தான் தோன்றும். அளந்தால் மாற்றம் இராது.

அளக்கிறது எண்டா எப்படி? எங்களிட்ட கருவி ஒண்டும் இல்லையே.

ஓர் அடிமட்டம் போதும். கையை நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில், நிலாவை நோக்கிய பார்வைக்கோட்டுக்குச் செங்குத்தாக 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தைப் பிடியுங்கள். பூச்சியத்தை நிலாவின் நடுவில் வைத்தால், வட்டத்தின் உள்விளிம்பு 24 சென்ரிமீற்றரை ஒட்டி நிற்கும். 24ஐ 60ஆல் வகுத்தால் 0.4, எந்தக் கோணத்தின் தான்சன் 0.4 என்று பார்த்தால் 21.8 பாகை. நீர்த்துளி வளையமாக இருந்தால் அதே அடிமட்டத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றரிலேயே முடிந்துவிடும்.

முதன்முறை இதை நான் மொட்டைமாடியில் செய்தபோது விடை 18 பாகையளவில்தான் வந்தது. காரணம் எளிது: முழங்கை சற்று மடிந்திருந்ததால் தூரம் 50 சென்ரிமீற்றராகிவிட்டது, நானோ 60 என்றே வகுத்தேன். அன்றிலிருந்து 60 சென்ரிமீற்றர் நூல் ஒன்றை அடிமட்டத்தில் கட்டி, மறுமுனையைக் கண்ணோரத்தில் பிடித்துக்கொள்கிறேன். அடிமட்டமும் இல்லாதவர்கள் கையை முழுதாக நீட்டி விரல்களை அகல விரிக்கலாம். பெருவிரல் நுனியிலிருந்து சின்னிவிரல் நுனிவரை ஏறக்குறைய 20 பாகை.

"எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" எண்டு அம்மம்மா சொல்லுவா. அது உண்மையா?

இந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எட்ட வட்டம் என்பது 22 பாகை வட்டம், கிட்ட வட்டம் என்பது மேலே சொன்ன நீர்த்துளி வளையம். இவை இரண்டும் வேறு என்பதையும், வெவ்வேறு வானிலையில் வருபவை என்பதையும் ஒரே வரியில் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகி நம் பக்கம் நகரும்போது, அதன் மேற்பகுதியிலிருந்து பரவும் பனிமுகில், மழைக்கு முன்னரே வானத்தை மூடத் தொடங்கும். அத்தகைய வேளையில் பெரிய வட்டம் தெரிந்து, ஓரிரு நாளில் மழை வந்தால் பழமொழி பலித்துவிடும்.

ஆனால் கொழும்புக்கு வரும் கீற்று முகிலெல்லாம் அப்படி முன்னே வருவதில்லை. மார்ச், ஏப்ரல், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் உள்நாட்டுப் பகுதிகளில் இடிமுகில்கள் எழுகின்றன. அவற்றின் உச்சி மேலே ஏற முடியாத உயரத்தை அடைந்ததும் கொல்லன் பட்டடைபோல் பக்கவாட்டில் பரவுகிறது. கீழே மழை கொட்டி முடிந்து முகில் கலைந்த பின்னரும் அந்தப் பட்டடையின் பனி மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அன்றிரவு நீங்கள் பார்க்கும் வட்டம், பெய்து முடிந்த மழையின் எச்சம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இன்னொரு விசித்திரம்: தரையில் காற்று மேற்கிலிருந்து வீச, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வேகமாக வீசும். ஆகவே யூலை மாதத்தில் கீற்று முகில், கடற்கரையில் நம் முகத்தில் மோதும் காற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கிலிருந்தே வந்துகொண்டிருக்கும்.

எனவே வட்டத்தைக் கண்டதும் குடையைத் தேடுவதை விட, முகில் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது நல்லது. சில மணி நேரத்தில் திரை தடித்து, வட்டம் மங்கி மறைந்து, நிலா சுண்ணாம்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் ஆனால் முகில் தாழ்ந்துகொண்டு வருகிறது என்று கொள்ளலாம். திரை மெலிந்து கிழிந்தால் அம்மம்மாவின் கூற்று அன்றைக்குப் பலிக்காது.

கீற்று முகில் அடிக்கடி வருது, வட்டம் மட்டும் ஏன் எப்பவாவதுதான் வருது?

பளிங்கு ஒழுங்கான அறுகோணமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். இடிமுகிலின் உள்ளே பனி அவசரத்தில் உருவாகிறது. துளிகள் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பக்கங்கள் கரடுமுரடாகின்றன. கீறல் விழுந்த கண்ணாடி அரியத்தினூடாக நிறமாலை கிடைக்காததுபோல, அத்தகைய பனி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்குமே தவிர 22 பாகையில் குவிக்காது. அதனால்தான் இடிமுகிலிலிருந்து அப்போதே பரவிய தடித்த பட்டடையில் பெரும்பாலும் வட்டம் தெரிவதில்லை.

முகிலின் தடிப்பும் முக்கியம். மிக மெலிந்தால் வட்டத்துக்குப் போதிய பளிங்குகள் இரா. மிகத் தடித்தால் ஒரு பளிங்கிலிருந்து வெளிவந்த ஒளி இன்னொன்றில் நுழைந்து மீண்டும் திசை மாறி, குவிந்த ஒளி குழம்பிவிடும். தரையில் உங்கள் நிழல் சற்று மங்கியும் ஆனால் விளிம்போடும் விழும் அளவிலான முகில்தான் நல்ல வட்டம் தருகிறது.

ஏன் போயா நாளிலதான் வருது? அதுக்கு ஏதும் விசேஷம் இருக்கா?

முகிலுக்குப் போயா தெரியாது, நமக்குத்தான் தெரியும். வட்டத்தின் ஒளி நிலாவின் ஒளியில் ஒரு சிறு பங்கு. அரை நிலாவின் ஒளி முழுநிலாவின் ஒளியில் பத்தில் ஒரு பங்களவுதான், எனவே அரை நிலாவுக்கு வட்டம் வந்தாலும் அது கொழும்பின் தெருவிளக்கு வெளிச்சத்தில் அமிழ்ந்துவிடும். அத்தோடு வெசாக், பொசன் இரவுகளில் வெளிச்சக்கூடு பார்க்க வீதியில் இறங்கும் கூட்டம் முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. வேறு இரவுகளில் வந்த வட்டங்களைப் பார்க்க ஆளில்லை. வட்டம் தெரிந்தால் ஆகாது என்று அஞ்சுபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்: அது பனிக்கட்டியின் கோணம் பற்றிய செய்தி.

பகல்ல சூரியனைச் சுத்தி வந்தா வெறும் கண்ணால பார்க்கலாமா?

வட்டத்தைப் பார்க்கலாம், சூரியனைப் பார்க்கக் கூடாது. மெல்லிய முகில் மூடியிருப்பதால் சூரியன் பாதுகாப்பானதாகிவிடாது. கூச்சம் குறைவதால் நீண்டநேரம் பார்க்கத் தூண்டுவதுதான் ஆபத்து. சாதாரண கறுப்புக் கண்ணாடியும் போதாது. தென்னை மட்டையாலோ, மின்கம்பத்தாலோ, கட்டட விளிம்பாலோ சூரிய வட்டை முழுதாக மறைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கை விரிப்புத் தூரத்தைப் பாருங்கள். மறைத்த பிறகுதான் வட்டம் தெளிவாகவும் தெரியும்.

மத்தியானம் தெற்குப் பக்கம் கீழ, வானவில் படுத்துக்கிடக்கிற மாதிரி ஒரு பட்டை கண்டனான். மழையே இல்லை. அது என்ன?

அது கொழும்பு போன்ற இடத்தில் வாழ்பவர்களுக்குக் கிடைத்த சலுகை. தட்டுப்போன்ற அறுகோணப் பளிங்குகள் மெல்ல விழும்போது, மிதக்கும் இலைபோல் கிடையாகவே நிற்கும். சூரியன் மிக உயரத்தில் இருந்தால், ஒளி தட்டின் நிலைக்குத்தான பக்கத்தினூடாக நுழைந்து அடித்தளத்தினூடாக வெளியேறும். அந்த இரண்டும் 90 பாகையில் இருப்பதால் நிறங்கள் நன்றாகப் பிரிந்து, சூரியனுக்கு நேர் கீழே, 46 பாகைக்குக் குறையாத தூரத்தில், அடிவானத்துக்கு இணையாக ஒரு நிறப்பட்டை தோன்றும். அதற்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 58 பாகைக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். இலண்டனில் கோடை உச்சியில் மட்டுமே சூரியன் அந்த உயரத்தைத் தாண்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

கொழும்பின் அகலாங்கு வடக்கே 6.9 பாகை. மார்கழியில் சூரியன் தெற்கே 23.4 பாகை வரை போய்விடும் நாளிலும், நண்பகலில் அதன் உயரம் 90இலிருந்து 6.9ஐயும் 23.4ஐயும் கழித்தால் வரும் 59.7 பாகை. ஆக, ஆண்டின் எந்த நாளிலும் நண்பகலையொட்டி இந்தப் பட்டை தோன்ற இடமுண்டு. டிசெம்பர் 21ஆம் திகதியளவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் அந்த வாய்ப்பு, அதுவும் தெற்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்துக்குள் என்பதால் கட்டடங்கள் மறைத்துவிடும். சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் ஏப்ரல் 7ஆம் திகதியளவிலும் செப்ரெம்பர் 5ஆம் திகதியளவிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கும், பட்டையும் 30 பாகை உயரத்தை ஒட்டி வசதியாக நிற்கும்.

காலிமுகத்திடலில பொழுது சாயிற நேரம் சூரியனுக்குப் பக்கத்தில இன்னொரு சின்னச் சூரியன் தெரிஞ்சது. கண் பிசகா?

பிசகில்லை. முந்திய விடையில் சொன்ன அதே கிடையான தட்டுகள்தான். சூரியன் கடலை நெருங்கும்போது ஒளி தட்டின் ஒரு பக்கத்தால் நுழைந்து ஒன்றுவிட்ட பக்கத்தால் வெளியேறி, இடமும் வலமும் மட்டும் விலகுகிறது. தட்டுகள் எல்லாத் திசையிலும் புரளாமல் ஒரே சாய்வில் நிற்பதால் முழு வட்டம் வராமல், சூரியனுக்கு இருபுறமும் அதே உயரத்தில், 22 பாகையில் இரண்டு ஒளிப்பொட்டுகள் மட்டும் தெரிகின்றன. சூரியனை நோக்கிய பக்கம் சிவந்திருக்கும். ஒருபுறம் முகில் இல்லாவிட்டால் ஒன்றுதான் தெரியும், நீங்கள் கண்டதுபோல.

நான் வெள்ளவத்தையில பார்த்த வட்டத்தைத்தான் தங்கச்சி நீர்கொழும்பில பார்த்தவளா?

இருவரும் ஒரே நிலாவைப் பார்த்தீர்கள், ஒரே வட்டத்தை அன்று. முகில் பத்துக் கிலோமீட்டர் உயரத்திலும் நிலா உச்சியிலும் இருந்தால், உங்கள் வட்டத்துக்கு ஒளி தந்த பளிங்குகள் உங்கள் தலைக்கு நேர் மேலுள்ள புள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய கொள்ளுப்பிட்டிப் பக்கத்துக்கு மேலே, சுற்றிவர இருந்தவை. நீர்கொழும்பில் நிற்பவருக்கு அவருடைய தலைக்கு மேலுள்ள வேறு பளிங்குகள் ஒளி தந்தன. அங்கே முகில் இல்லாதிருந்தால் அவர் வெறும் நிலாவைத்தான் கண்டிருப்பார்.

ஃபோன்ல எடுத்த படத்தில வட்டம் இருக்கு. அது உண்மையா, லென்ஸ் செய்யிற வேலையா?

சூரியனை ஒரு கம்பத்தால் மறைத்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். வில்லைக்குள் ஒளி தெறித்து உண்டான வளையமாக இருந்தால் மறைந்துவிடும், வானத்து வட்டம் அப்படியே இருக்கும். மறைக்காமல் எடுத்த படமாயின், தொலைபேசியைச் சற்றுத் திருப்பியபோது வளையம் சூரியனை விட்டு நகர்ந்ததா என்று நினைவுபடுத்துங்கள். நகர்ந்தால் அது பொய் வளையம். உண்மை வட்டத்தின் விட்டம் 44 பாகை என்பதால், தொலைபேசியின் சாதாரண வில்லையில் அது படச்சட்டத்தின் குறுகிய பக்கத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். படத்தின் நடுவில் சிறு காசுபோல் வளையம் தெரிந்தால் அது நாம் பேசும் வட்டமல்ல.

சேர், அறுகோணத்தில அடுத்தடுத்த பக்கங்களுக்கு இடையில 120 பாகைதானே? 60 பாகை அரியம் எண்டு எப்படிச் சொல்லுறீங்கள்?

இருபது ஆண்டில் இந்தக் கேள்வியை மூன்று பேர்தான் கேட்டிருக்கிறார்கள், மூவரையும் நினைவிருக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களுக்கு இடையில் 120 பாகைதான். அதனால்தான் மேலே ஒன்றுவிட்ட பக்கம் என்று எழுதினேன்: முதலாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் வெளியே நீட்டினால் அவை 60 பாகையில் சந்திக்கும். தாளில் ஓர் அறுகோணம் வரைந்து கோடுகளை நீட்டினால் உடனே தெரியும்.

அப்படியானால் 120 பாகை அரியத்துக்கு என்ன நடக்கிறது என்பதே அடுத்த கேள்வி. பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒளி வெளியேறக்கூடிய மிகக் கூடிய சாய்வான அவதிக் கோணம் ஏறக்குறைய 49.8 பாகை. ஒரு முகத்தால் நுழைந்த ஒளி மறுமுகத்தால் வெளியே வர வேண்டுமானால் அரியக் கோணம் அதன் இருமடங்கான 99.5 பாகையைத் தாண்டக் கூடாது. 120 அதைத் தாண்டிவிட்டது. எந்தப் படுகோணத்தில் நுழைந்தாலும் அடுத்த பக்கத்தில் ஒளி முழுவுட்தெறிப்படைந்து உள்ளேயே திரும்பிவிடும். பக்கமும் அடித்தளமும் சேரும் 90 பாகை எல்லைக்குள் அடங்குகிறது, ஆனால் மயிரிழையில்தான். அதற்கான இழிவு விலகல் 45.7 பாகை. பளிங்குகள் எல்லாத் திசையிலும் புரளும்போது அங்கே இரண்டாவது பெரிய வட்டம் ஒன்று உருவாக வேண்டும், உருவாகவும் செய்கிறது. ஆனால் 90 பாகை அரியத்தினூடாக வெளியேற வழி கிடைக்கும் படுகோணங்கள் மிகக் குறைவு; கிடைக்கும் ஒளியும் அகன்ற வானப்பரப்பில் பரவிவிடுகிறது. ஆகவே அது மிக மங்கலானது. நான் இதுவரை அதைக் கண்டதில்லை. கண்டதாகச் சொல்லி வந்த படங்களில் இருந்தவை, அளந்து பார்த்தால், 22 பாகை வட்டங்களே.